0-க்கும் 1-க்கும் நடுவே: வகுப்பதா, நகர்த்துவதா, ஒட்டுவதா?

நூறு வரிகள் கொண்ட ஓர் அட்டவணையிலிருந்து ஏதாவது ஒன்றை எடுக்க வேண்டும். அதற்காக நான் எழுதிய சி நிரலில் `(int)(u * 100)` என்று ஒரே ஒரு வரி. `u` என்பது 0-வில் தொடங்கி 1-ஐத் தொடாமல் நிற்கும் ரேண்டம் எண். ஆகவே விடை 0 முதல் 99 வரைதான் வரும் என்று நம்பியிருந்தேன். நிரல் ஒழுங்காகத்தான் ஓடியது. எப்போதாவது ஒருமுறை மட்டும், அட்டவணையில் எங்குமே இல்லாத ஒரு குப்பை மதிப்பு முடிவுகளில் வந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது: `u` சரியாக 1.0 ஆகியிருக்கிறது, நிரல் 99-க்கு அடுத்து, இல்லாத 100 என்ற இடத்தைப் படித்திருக்கிறது. சி மொழி அதைத் தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது.

ரேண்டம் எண் உருவாக்கி நமக்குத் தருவது பிட்டுகளை மட்டும்தான். 32 பிட் என்றால் 0 முதல் 4294967295 வரை ஒரு முழு எண். அதைத் தசம எண்ணாக்கும் வேலை ஒரே வரியில் முடிந்துவிடுவதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. அந்த ஒரு வரியை எழுத நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இங்கே 32 பிட் `float` வகையை வைத்தே ஒப்பிடுகிறேன். `double` வகையிலும் இதே பொறிகள்தாம். ஆனால் அங்கே அவை அகப்பட யுகக்கணக்கில் காத்திருக்க வேண்டும், `float` சில நொடிகளில் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வழி, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது: வகுத்தல்.

```c
float u = x / 4294967296.0f;
```

கணக்குப்படி இதில் பிழையே இல்லை. `x`-இன் உச்சம் 4294967295. அதைவிட ஒன்று கூடுதலான எண்ணால் வகுத்தால் 1 வராது. ஆனால் வகுப்பதற்கு முன்பே `x` என்ற முழு எண் `float` ஆக மாற்றப்படுகிறது. `float`-இல் இருப்பது 24 இரும இலக்கங்கள். 32 இலக்க எண்ணை அதற்குள் அடைக்க முடியாது. 4294967296-க்குச் சற்றுக் கீழே `float` எண்கள் 256 இடைவெளியில்தான் நிற்கின்றன. 4294967040 ஒன்று, அதற்கு அடுத்தது நேராக 4294967296. இரண்டுக்கும் நடுப்புள்ளி 4294967168. அந்த நடுப்புள்ளியும் அதற்கு மேலுள்ளவையுமாக 128 எண்கள் மேலே முழுதாக்கப்பட்டு 4294967296 ஆகிவிடும். பிறகு வகுத்தால் 1.0 வராமல் வேறென்ன வரும்?

வாய்ப்பு 3,35,54,432-இல் ஒன்று. பத்துக் கோடி முறை அழைத்தால் சராசரியாக மூன்று முறை. என் அட்டவணையில் விழுந்த குப்பையின் கணக்கும் இதுதான். சிலர் 4294967295.0f என்று வகுப்பார்கள். அந்த எண்ணும் `float`-க்குள் அடங்காது என்பதால் தொகுப்பியே அதை 4294967296 ஆக்கிவிடும். எழுதியவருக்குத்தான் வேறுபாடு, கணினிக்கு இல்லை.

இங்கேதான் ஒட்டுப்போடும் ஆசை வரும்: `u` ஒன்றானால் அதைப் பூச்சியமாக்கிவிடு! நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு மோசம் என்று தெரியும். பூச்சியம் வர ஒரே ஒரு `x` போதுமானதாக இருந்தது. இப்போது 129 எண்கள் அங்கே கொண்டுபோய்க் கொட்டப்படுகின்றன. பூச்சியம் 129 மடங்கு அடிக்கடி வரும். அடுத்த வரியில் `log(u)` இருந்தால் முடிவிலியும் அத்தனை மடங்கு அடிக்கடி வரும். கோ மொழியின் `math/rand` தொகுப்பும் இதே வழியில் நடந்து பார்த்திருக்கிறது. அதன் `Float64` 1.0 தரக்கூடும் என்று தெரிந்ததும் 1-ஐ 0 ஆக்கிப் பார்த்தார்கள். பூச்சியம் அளவுக்கு மீறி வருகிறது என்று அதைக் கைவிட்டு, 1 வந்தால் மறுபடி எடு என்று மாற்றினார்கள். அந்தக் கதை அதன் மூல நிரலின் குறிப்பிலேயே இருக்கிறது. வகுக்கும் முறையையே தூக்கி எறிந்திருக்கலாமே என்றால், பழைய நிரல்களுக்கு அதே எண் வரிசை கிடைக்கும் என்று கோ 1 வாக்குக் கொடுத்திருந்தது. 2024-இல் வெளியான `math/rand/v2` தொகுப்பில்தான் அந்தக் கட்டிலிருந்து விடுபட்டு இரண்டாவது வழிக்கு வந்தார்கள்.

அந்த இரண்டாவது வழி: நகர்த்திவிட்டுப் பெருக்குதல்.

```c
float u = (x >> 8) * 0x1.0p-24f;
```

கடைசி எட்டு பிட்டுகளை வீசிவிடுகிறோம். மிஞ்சும் 24 பிட் முழு எண் `float`-க்குள் சிந்தாமல் சிதறாமல் அடங்கும். இரண்டின் அடுக்கால் பெருக்கும்போது அடுக்குப் பகுதி மட்டுமே மாறும். ஆக, எந்த இடத்திலும் முழுதாக்கல் நடப்பதில்லை. 1,67,77,216 மதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் சரியாக 256 `x`-கள், உச்சம் 0.99999994. `double` என்றால் 64 பிட்டில் 11 பிட் நகர்த்தி, 2-இன் மைனஸ் 53-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும்.

வீணாக எட்டு பிட்டை எறிவானேன், கூட ஒரு பிட் சேர்த்தால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். ஜாவாவின் தொடக்கக் காலப் பதிப்புகளில் `nextDouble` அப்படித்தான் இருந்தது: 53 இலக்கம் கொள்ளும் `double`-க்குள் 54 பிட் எண்ணைப் போட்டார்கள். பாதி முதல் ஒன்று வரையுள்ள பகுதியில், 54 பிட் எண் ஒற்றைப்படையாக இருந்தால் அது இரண்டு `double`-களுக்குச் சரியாக நடுவில் விழும். நடுவில் விழுந்தால் கடைசி பிட் 0 ஆக உள்ள பக்கமே வெல்லும் என்பது விதி. அதனால் அப்படிப்பட்ட ஒவ்வோர் எண்ணும் தன் பங்கோடு இரு பக்கத்து எண்களையும் சேர்த்து மூன்று பங்கு பெறுகிறது. 1-இல் முடிவதற்கு ஒரே பங்கு. கடைசி பிட் 0 ஆக வருவது மூன்று மடங்கு! ஜாவாவின் ஆவணமே இந்தத் தவறை ஒப்புக்கொண்டு பதிவு செய்திருக்கிறது. இப்போது அங்கே 26-உம் 27-உமாக 53 பிட்தான்.

இரண்டாவது வழியில் 1 வராது. 0 வரும், 1,67,77,216-இல் ஒருமுறை. `log` எடுப்பவர்கள் `1.0f - u` என்று எழுதினால் போதும், அந்தக் கழித்தலிலும் துல்லியம் குறையாது. பூச்சியத்தைத் தவிர்க்க அரையைக் கூட்டுபவர்கள்தாம் கவனிக்க வேண்டும். `((x >> 8) + 0.5f)` என்று எழுதினால் 16777215.5 என்ற எண்ணுக்கு 25 இலக்கம் தேவைப்படும். அது 16777216 ஆகி, நாம் துரத்திய 1.0 கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடும். அரையைக் கூட்டுவதென்றால் ஒன்பது பிட் நகர்த்த வேண்டும். அப்போது 0-வும் வராது, 1-உம் வராது.

மூன்றாவது, ஒட்டும் வழி.

```c
uint32_t b = 0x3F800000u | (x >> 9);
float u;
memcpy(&u, &b, sizeof u);
u -= 1.0f;
```

1.0-இன் அடுக்குப் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னப் பகுதியில் 23 ரேண்டம் பிட்டுகளைத் திணித்தால் 1-க்கும் 2-க்கும் இடையே ஓர் எண் கிடைக்கும். ஒன்றைக் கழித்தால் வேலை முடிந்தது. முழு எண்ணை மிதவைப் புள்ளியாக மாற்றுவது மெதுவாக இருந்த காலத்துச் சாமர்த்தியம் இது. சரியாகவே வேலை செய்யும், 1.0 வரவே வராது. ஆனால் மதிப்புகள் பாதியாகி 83,88,608 ஆகிவிடுகின்றன. பூச்சியம் இரு மடங்கு அடிக்கடி வருகிறது. இன்றைய செயலியில் இதற்குப் பெரிய வேக ஆதாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய நிரலில் கண்டால் பயப்பட வேண்டாம். புதிதாக எழுதவும் வேண்டாம்.

நான்காவது வழி வேறொரு குறையிலிருந்து பிறந்தது. இரண்டாவது வழியில் எண்கள் சம இடைவெளியில் நிற்கின்றன. `float` எண்களோ பூச்சியத்தை நெருங்க நெருங்க நெருக்கமாகிக்கொண்டே போகின்றன. அந்த நுண்ணிய எண்கள் ஒருபோதும் வருவதில்லை. இதனால் யாருக்கு என்ன நட்டம்? படிக்குறிப் பரவலில் எண் எடுக்க `-logf(1.0f - u)` என்று எழுதுபவருக்கு நட்டம். `1 - u`-இன் மிகச் சிறிய மதிப்பு 2-இன் மைனஸ் 24-ஆம் அடுக்கு. அதன் மடக்கை தருவது 16.6355. அதற்கு மேல் எதுவுமே வராது. அதற்கு முந்தைய மதிப்பு 15.9424. நடுவில் வெற்றிடம். பத்துக் கோடி எண்கள் எடுத்துப் பெரியவற்றை வரிசைப்படுத்தினால், வெவ்வேறு பெரிய எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஆறு முறை அதே 16.6355 இருக்கும். உச்ச மதிப்பு அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் இந்த நோய்தான் என்று கண்டுகொள்ளலாம். `double`-இல் இந்தக் கூரை 36.7-இல் இருக்கிறது, பெரும்பாலான வேலைக்கு அது எட்டாத உயரம்.

தீர்வு நாணயம் சுண்டுவது போன்றது. பாதி நேரம் எண் 0.5-க்கு மேல், கால் பங்கு நேரம் 0.25-க்கும் 0.5-க்கும் இடையே, இப்படியே போகிறது. ஆகவே முதல் 1 வரும்வரை பிட்டுகளை எண்ணி அடுக்கை முடிவு செய்துவிட்டு, பின்னப் பகுதிக்குத் தனியாக 23 புதிய பிட்டுகளை எடுக்க வேண்டும். பைத்தானின் `random` ஆவணத்தில் `FullRandom` என்ற பெயரில் இதற்கு ஒரு சிறு செய்முறை இருக்கிறது. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் கிடைத்த நுண்மை முழுவதும் பூச்சியத்தின் பக்கம்தான். 1-இன் பக்கம் இடைவெளி மாறவில்லை. இதை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் `1 - u` என்று எழுதினால் சிறிய எண்கள் எல்லாம் 1-இல் கரைந்துவிடும். இங்கே நேராக `-logf(u)` என்றுதான் எழுத வேண்டும்.

அரிய நிகழ்வுகளைத் தேடும் கணக்கு என்றால் நான்காவது வழி, அல்லது பேசாமல் `double`. மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டாவதுதான் என் தேர்வு. எந்த வழியானாலும் மாற்றும் பகுதியைத் தனிச் செயற்கூறாக எழுதி, `x`-க்கு 0-வையும் 0xFFFFFFFF-ஐயும் கையால் கொடுத்துப் பார்த்துவிடுவேன். மூன்று கோடிக்கும் மேலான முறைகளில் ஒன்றாக வருவதற்காக அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தச் சோதனையும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. 10-க்கும் 11-க்கும் இடையே எண் வேண்டும் என்று `10.0f + u` எழுதியிருந்தேன். `u` இரண்டாவது வழியில் வந்தது, குற்றமற்றது. ஆனால் 11-க்குச் சற்றுக் கீழே `float` இடைவெளி அகன்றுவிடுவதால், `u`-இன் கடைசி எட்டு மதிப்புகள் 11.0 ஆக முழுதாக்கப்படுகின்றன. ஏறத்தாழ 21 லட்சத்தில் ஒருமுறை. அந்தக் கூட்டலை இப்போது `double`-இல் செய்துவிட்டு, விடை 11-க்குக் குறைவா என்பதையும் பார்க்கிறேன்.