குழந்தையின் அறைக்குக் கொசுவலையா, லிக்விட் கொசுவிரட்டியா?

புழுக்கமான ஊரில் ராத்திரி முழுக்க ஜன்னலைச் சாத்தி வைக்க முடியுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் தலைப்பில் உள்ள கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும்.

லிக்விட் கொசுவிரட்டி வேலை செய்யும் விதம் அப்படி. பாட்டிலுக்குள் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான்தான். அதில் டிரான்ஸ்ஃப்ளுத்ரின், பிரல்லெத்ரின் போன்ற மருந்து ஒன்று சிறிதளவு கலந்திருக்கும். திரி அதை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது, சுற்றியுள்ள ஹீட்டர் சூடாக்கி ஆவியாக்குகிறது. அந்த ஆவி அறைக்குள் ஓரளவு சேர்ந்தால்தான் கொசு மயங்கும் அல்லது விலகி ஓடும். ஜன்னல் திறந்திருந்தால் சேரச் சேர வெளியே போய்விடும்.

பத்துக்குப் பத்து அடி அறை, ஒரு ஜன்னல், சீலிங் ஃபேன், நான்கு மாதக் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலைச் சாத்தி மெஷினைப் போட்டால் கொசு அடங்கும். ஆனால் ஃபேன் அதே ஈரக் காற்றைத்தான் சுற்றிவிடும். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கழுத்து மடிப்பில் வேர்வை, அடுத்து வேர்க்குரு, அழுகை. போதாததற்கு, எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடக் கைக்குழந்தை அதிகக் காற்றை இழுக்கிறது, ஆவியையும் சேர்த்துத்தான். சரி, ஜன்னலைத் திறந்தால்? காற்று வரும், கொசுவும் வரும், மருந்து போய்விடும். காற்றோட்டம் தேவை என்று எச்சரிக்கிற பொருள் மூடிய அறையில்தான் நன்றாக வேலை செய்கிறது. இந்த முரண்பாட்டுக்குக் குழந்தை அறையில் நல்ல தீர்வு கிடையாது.

வலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜன்னல் திறந்திருக்கலாம், கரண்ட் போனாலும் வேலை நிற்காது. பகல் தூக்கத்திலும் அது காவல் காக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதுவும் காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் அதிகம். குழந்தை குட்டித் தூக்கம் போடுகிற நேரங்களும் இவைதான். பல வீடுகளில் அப்போது மெஷின் அணைந்தே இருக்கும்.

வலையில் குறை இல்லாமல் இல்லை. காற்று கொஞ்சம் தடைபடும். அதற்காக அகலக் கண் வலை வாங்கக் கூடாது. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 156 கண்கள் என்பது கொசுவுக்கான வழக்கமான அளவு. பருத்தி வலை ஈரத்தை இழுத்துப் பூஞ்சை வாடை பிடிக்கும், பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். தூசி படிந்தாலும் கண்கள் அடைபடும், எனவே அடிக்கடி அலசிப் போட வேண்டும்.

வலை போட்டும் கடிக்கிறதே என்பவர்கள் தடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். முழங்கை, பாதம், காலின் ஒரு பக்கம் மட்டும் என்றால் குழந்தை உருண்டு வலையை ஒட்டிப் படுத்திருக்கிறது, கொசு வெளியிலிருந்தே குத்தியிருக்கிறது. வலை பெரிதாகவும் தொய்வில்லாமலும் இருக்க வேண்டும். முகம், நெற்றி என்று பரவலாக இருந்தால் கொசு உள்ளேயே மாட்டியிருக்கலாம். காலையில் வலையின் உட்புறத்தில் வயிறு சிவந்த கொசு உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இருட்டும் முன்பே விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள், படுக்க வைக்கும்போது டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள்.

மெஷினை ஒரேயடியாகத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. குழந்தை வேறு அறையில் இருக்கும்போது கதவு ஜன்னலைச் சாத்தி அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டபின் குழந்தையை உள்ளே கொண்டுவரலாம். அப்புறம் வலை. ஆனால் மூடிய அறையில் ஒரு மணி நேரம் ஓடியும் கொசு சுறுசுறுப்பாகப் பறந்தால், உங்கள் பகுதிக் கொசுவுக்கு அந்த மருந்து பழகிப் போயிருக்கலாம். வேறு பிராண்டு வாங்கினாலும் உள்ளே பெரும்பாலும் அதே குடும்பத்து மருந்துதான், காசுக்குத்தான் கேடு. ரீஃபில் பாட்டில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கவே கூடாது, குடித்துவிட்டால் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் ஓட்டு வலைக்கு. ஆனால் குடை போல மடிக்கும் சின்ன வலை, குழந்தை நகராமல் படுத்திருக்கும் மாதங்களுக்கு மட்டும்தான். உருண்டு புரண்டு வலையை இழுக்கத் தொடங்கினால் அது மேலே கவிழலாம், துணியோ கயிறோ கழுத்தில் சுற்றலாம். அப்போது அதை எடுத்துவிட்டு ஜன்னலுக்கே கம்பி வலை அடித்துவிடுவது நல்லது. கதவைத் திறந்து மூடும்போது நுழையும் ஒன்றிரண்டுக்குக் கொசு பேட் போதும்.