ஒற்றைப் பொத்தானில் நான்கு வருடங்கள்: ஸ்கேன் நேரத்தில் நான் செய்த தவறும் அதைத் திருத்திய விதமும்

எனக்கு நம்பகமான அசைவு என்று மிச்சம் இருப்பது வலது கட்டைவிரலில் மட்டும்தான். தசை பலவீனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதில் முதலில் கீபோர்டு கைவிட்டுப் போனது, அப்புறம் மவுஸ். கடந்த நான்கு வருடங்களாக அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் ஒரே ஒரு பொத்தானை வைத்துத்தான் மெயில் எழுதுகிறேன், கணக்குப் பார்க்கிறேன், இணையத்தில் படிக்கிறேன். இந்தப் பதிவையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பொத்தானிலிருந்து ஒரு வயர் 3.5 மி.மீ. பின்னோடு ஒரு சிறிய யுஎஸ்பி பெட்டிக்குப் போகிறது. கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியை ஒரு கீபோர்டு என்றே நினைத்துக்கொள்ளும். நான் அழுத்தினால் ஏதோ ஒரு கீயை அழுத்தியதாக அதற்குத் தெரியும். மிச்ச வேலை ஸ்கேனிங் மென்பொருளுடையது. திரையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அதுவே ஒளிரச் செய்துகொண்டு போகும். வேண்டியது ஒளிரும்போது நான் அழுத்த வேண்டும். எழுத்துப் பலகையில் முதலில் வரிசைகள் ஒளிரும். வரிசையைத் தேர்ந்ததும் அதற்குள் இருக்கும் எழுத்துகள் ஒளிரும். ஆக ஒரு எழுத்துக்கு இரண்டு அழுத்தல்கள். நான் மேக்கில் உள்ள ஸ்விட்ச் கண்ட்ரோலைப் பயன்படுத்துகிறேன். அது 2013 முதல் அந்த இயங்குதளத்திலேயே சேர்ந்து வருகிறது. விண்டோஸில் `osk` என்று கொடுத்தால் வரும் திரைக் கீபோர்டிலும் Scan through keys என்ற தேர்வு இருக்கிறது. ஆனால் அது எழுத்தடிக்க மட்டும்தான். முழுக் கம்ப்யூட்டரையும் இயக்க அங்கே தனி மென்பொருள் வேண்டும்.

ஒளி ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதுதான் ஸ்கேன் நேரம். முதல் ஒரு வருடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது இந்த ஒரு எண்தான்.

முதலில் அமைத்துக் கொடுத்தவர் 1 வினாடி என்று வைத்தார். எனக்குப் பொறுமை இல்லை. 0.9, 0.8 என்று குறைத்துக்கொண்டே வந்து 0.7-இல் நிறுத்தினேன். வேகமாக எழுதுவதாகத்தான் தோன்றியது. ஆனால் மாலைக்குள் விரலும் மனதும் சோர்ந்துவிடும், எழுதி முடித்ததோ பாதிப் பக்கம்கூட இருக்காது. ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

இரண்டாவது வரிசையில் மூன்றாவது எழுத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு இரண்டு நகர்வு, எழுத்துக்கு மூன்று நகர்வு, மொத்தம் ஐந்து. 1 வினாடியில் இதற்கு 5 வினாடி ஆகும், 0.7-இல் 3.5 வினாடி. எழுத்துக்கு ஒன்றரை வினாடி மிச்சம். இப்போது ஒரு எழுத்து தவறாக விழுகிறது. அழிக்கும் கீ என் பலகையில் முதல் வரிசையின் ஆறாவது கட்டத்தில் இருந்தது. ஏழு நகர்வு, 4.9 வினாடி. திரும்ப அதே எழுத்தை எடுக்க 3.5. ஒரு தவறுக்கு 8.4 வினாடி போய்விட்டது, கூடவே நான்கு அழுத்தல்களும். ஐந்து எழுத்தில் மிச்சம் பிடித்தது 7.5 வினாடிதான். அதாவது ஐந்து எழுத்துக்கு ஒரு தவறு செய்தாலே நான் 1 வினாடியில் எழுதுவதைவிட மெதுவாக எழுதுகிறேன். அந்த நாட்களில் நான் நான்கு எழுத்துக்கு ஒன்று தவறவிட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, அப்படியென்றால் எவ்வளவுதான் வைப்பது? இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் 0.65 விதி என்று ஒன்று சொல்வார்கள். ஒளி வந்ததிலிருந்து நீங்கள் அழுத்தி முடிக்க ஆகும் சராசரி நேரத்தை 0.65-ஆல் வகுத்தால் வருவதே உங்கள் ஸ்கேன் நேரம். வேண்டிய கட்டம் ஒளிரும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போகும்போது உங்கள் சராசரி அழுத்தல் விழுகிறது, மீதி ஒரு பங்கு விரல் தாமதிக்கும் தருணங்களுக்கு இடம் தருகிறது. விரல் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் அசைவதில்லை என்பதால்தான் இந்த இடைவெளி வேண்டும்.

அதை அளக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அக்கா தன் போனில், திரையும் என் விரலும் சேர்ந்து தெரியும்படி வினாடிக்கு 60 ஃப்ரேம் வேகத்தில் வீடியோ எடுத்தார். வேண்டிய கட்டம் ஒளிர்ந்த ஃப்ரேமிலிருந்து அது தேர்வான ஃப்ரேம் வரை எண்ணினோம். காலையில் இருபது அழுத்தல்களின் சராசரி 37 ஃப்ரேம், அதாவது 0.62 வினாடி. 0.65-ஆல் வகுத்தால் சுமார் 0.95. அன்று மாலை ஆறு மணிக்குத் திரும்ப எடுத்தபோது சராசரி 48 ஃப்ரேம், 0.8 வினாடி. வகுத்தால் 1.23. அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாலைகளில் நான் கவனக்குறைவாக இருக்கிறேன் என்று ஒரு வருடமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கை சோர்ந்துபோய் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டேன்: தவறு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பது. வேண்டியதற்கு அடுத்த கட்டம் தேர்வானால் நான் பிந்திவிட்டேன், நேரம் போதவில்லை. வேண்டியதற்கு முந்தைய கட்டம் தேர்வானால் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. வரப்போகிறது, வரப்போகிறது என்று காத்திருந்து முந்திக்கொண்டு அழுத்துகிறேன் என்று பொருள். எனக்கு அது பெரும்பாலும் பதற்றத்தில் வரும், சில சமயம் நேரம் அளவுக்கு அதிகமாக இருந்தாலும் வரும். வரிசையைத் தேர்ந்த உடனே அதன் முதல் எழுத்தும் சேர்ந்து விழுந்தால் அது இரட்டை அழுத்தல், விரல் நடுங்கியிருக்கிறது. மூன்றும் வெவ்வேறு நோய், ஒரே மருந்து உதவாது.

இரட்டை அழுத்தலுக்கு, மறு அழுத்தலைப் புறக்கணிக்கும் அமைப்பு இருக்கிறது. நான் 0.4 வினாடி வைத்திருக்கிறேன். ஒரு அழுத்தலுக்குப் பிறகு அவ்வளவு நேரத்துக்குள் வரும் இன்னொன்றை அது எடுத்துக்கொள்ளாது. இதை 0.8 வரை ஏற்றிப் பார்த்தேன். அப்போது வரிசையின் முதல் எழுத்தை வேண்டுமென்றே அழுத்தினாலும் விழுங்கிவிட்டது. தசை திடீரென்று துடிப்பவர்களுக்கு, குறிப்பிட்ட நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டுமே ஏற்கும் அமைப்பு உதவும். ஆனால் அந்தப் பிடிக்கும் நேரமும் அழுத்தல் நேரத்தோடு சேர்ந்துவிடும். அதை மாற்றினால் வீடியோவைத் திரும்ப எடுத்து, ஸ்கேன் நேரத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் கட்டத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்கும் அமைப்பைக் கண்டுபிடித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வரிசையைத் தேர்ந்ததும் ஒளி உடனே முதல் எழுத்துக்கு வந்துவிடும். அதற்குள் விரலை எடுத்து மறுபடி அழுத்த என்னால் முடியாது. அதனால் முதல் எழுத்து வேண்டும்போதெல்லாம் ஒரு சுற்று முழுதாக ஓடவிட்டு, திரும்ப வரும்போது பிடிப்பேன். இப்போது முதல் கட்டத்துக்கு மட்டும் அரை வினாடி கூடுதல். மற்ற கட்டங்களின் வேகம் மாறவில்லை, அந்த வீண் சுற்றுகள் நின்றன.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கீக்கும் சுமார் ஐந்து வினாடி செலவாகும்போது எந்த விசைப்பலகை என்பது பெரிய விஷயம். ‘வந்தான்’ என்பதை ரோமன் எழுத்தில் அடித்து மாற்றினால் எட்டுத் தேர்வுகள். தமிழ்99-இல் வ, ந, த, ஆ, ன, கடைசியில் புள்ளி என்று ஆறுதான். ந-வுக்குப் பின் த வந்தால் நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துவிடும். ‘பக்கம்’ போன்ற சொல்லில் இரட்டிக்கும் எழுத்துக்கும் அப்படியே. நான் எழுதிய பழைய மெயில்களை எண்ணிப் பார்த்து, எனக்கு அடிக்கடி வேண்டியவற்றை, புள்ளி உட்பட, மேல் இடது மூலைக்கு நகர்த்தி ஒரு தனிப் பலகை செய்துகொண்டேன். பழகிய இடங்களை மறந்து புதிதாகப் பழக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது பழையதற்குத் திரும்ப மாட்டேன்.

எழுத்துக்கு வெளியே, இணையப் பக்கங்கள் இன்னும் எனக்குச் சிரமம்தான். எண்பது இணைப்புகள் உள்ள பக்கத்தை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தால் கடைசி இணைப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சில மென்பொருள்கள் தங்கள் பொத்தான்களை இயங்குதளத்துக்குத் தெரிவிப்பதே இல்லை, ஒளி அவற்றைத் தாண்டிப் போய்விடும். அங்கெல்லாம் புள்ளி ஸ்கேனிங்குக்கு மாறுகிறேன். திரையில் ஒரு கோடு ஓடும், அழுத்தினால் நிற்கும். பிறகு குறுக்கே இன்னொரு கோடு ஓடும், அதையும் நிறுத்தினால் இரண்டும் வெட்டும் இடத்தில் கிளிக். எதையும் கிளிக் செய்யலாம் என்பது இதன் பலம். சின்ன ஐகான்களில் குறி தப்பும். உலாவியில் பக்கத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொள்வது துல்லியத்தைக் கூட்டுவதைவிட எனக்கு அதிகம் உதவியது.

என்னால் சரிசெய்ய முடியாதது நேரக் கெடுதான். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகள், அமர்வு முடியப்போகிறது என்று எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும் என்கின்றன. என் 0.95-இல் 20 வினாடி என்பது சுமார் 21 நகர்வுகள். எச்சரிக்கைப் பெட்டி வந்ததும் ஒளி அதற்குள்ளேயே தொடங்கினால் போதுமான நேரம். பக்கத்தின் தலைப்பிலிருந்து தொடங்கி, நீட்டிக்கும் பொத்தான் முப்பதாவதாக இருந்தால் நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் அழிந்துவிடும். ஒரு படிவத்தை இப்படி மூன்று முறை இழந்திருக்கிறேன். பக்கங்களை உருவாக்குபவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பெட்டி வந்ததும் ஃபோகஸை அதற்குள் கொண்டுபோங்கள்.

பொத்தானைப் பற்றி இரண்டு விஷயங்கள். யுஎஸ்பி பெட்டி அனுப்பும் கீயாக ஸ்பேஸை வைக்காதீர்கள். ஸ்கேனிங் மென்பொருள் நின்றுபோனால் நீங்கள் அழுத்துவதெல்லாம் திறந்திருக்கும் கடிதத்தில் வெற்றிடமாகப் போய் விழும். நான் வேறெதற்கும் பயன்படாத F13-ஐ வைத்திருக்கிறேன். கணினி திறக்கும் லாகின் திரையிலேயே ஸ்கேனிங் ஓடும்படியும் அமைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பிந்தும் தவறுகள் திடீரென்று ஒரே நாளில் கூடினால் உடனே ஸ்கேன் நேரத்தைத் தொடாதீர்கள். முதலில் பொத்தான் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் அது ஒரு செ.மீ. நகர்ந்தாலே எனக்கு எல்லாம் மாறிவிடும். அக்கா பொத்தானைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி எல்லை போட்டிருக்கிறார். காலையில் என்னை உட்காரவைத்ததும் முதலில் அந்த டேப்பைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் மானிட்டரை ஆன் செய்வார். என் ஸ்கேன் நேரம் இப்போது காலையில் 0.95, மதியம் மூன்று மணிக்கு மேல் 1.25. அதை மாற்றும் கட்டத்தை என் பலகையின் முதல் வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.