"எக்ஸ்பைரில கேப் மூடிடும், லாபம் கன்ஃபர்ம்"னு ஒரு லாட் வாங்க வெச்சாங்க, உஷாரா இருங்க

பணம் கட்டி சேர்ற ஒரு டிப்ஸ் குரூப்ல ரெண்டு மாசம் இருந்தேன், பேரு சொல்லல. அவங்க சொன்னது முழுப்பொய்னா கூட பரவால்ல, நானே கண்டுபிடிச்சிருப்பேன். சொன்னதுல பாதி உண்மை, அதுலதான் மாட்டினேன். நம்பர் எல்லாம் கணக்கு புரியறதுக்காக ரவுண்டா மாத்தி போட்டிருக்கேன், விகிதம் அதேதான்.

ஒரு ஸ்டாக், ஸ்பாட், அதாவது ஷேரோட இன்னைய விலை, 1000ல ஓடுது, அதோட ஃபியூச்சர் 985. ஃபியூச்சர் முடியற நாளான எக்ஸ்பைரிக்கு ஒரு மாசம் இருக்கு, ஒரு லாட்னா 500 ஷேர். குரூப்ல மெசேஜ்: "எக்ஸ்பைரி அன்னைக்கு ஃபியூச்சர் விலையும் ஸ்பாட் விலையும் ஒண்ணாயே தீரணும், இது ரூல். இப்ப 15 பாயின்ட் கம்மியா கிடைக்குது, 15 இன்டு 500, 7500 ரிஸ்க் இல்லாத காசு." நான் கேட்டேன், "சார், ஸ்டாக் இறங்கிட்டா?" அதுக்கு பதில், "கேப் மூடியே ஆகணும் ப்ரோ, வேற வழியே இல்ல". கேட்டதுக்கு பதில் வரலைன்னு எனக்கு அப்ப உறைக்கல, ஒரு லாட் 985ல வாங்கிட்டேன்.

முதல்ல அந்த பாதி உண்மைய சொல்லிடறேன். ஃபியூச்சர்ங்கறது ஒரு குறிப்பிட்ட தேதில, இன்னைக்கே பேசி வெச்ச விலைக்கு வாங்கறேன்/விக்கறேன்னு ஒரு ஒப்பந்தம். அந்த தேதி வந்துட்டா "பிற்பாடு"ங்கற வார்த்தைக்கே அர்த்தம் இல்ல, ஃபியூச்சரும் ஷேரும் ஒரே சரக்கு. கடைசி நாள் ஸ்பாட் 968, ஃபியூச்சர் 975னு நிக்குதுன்னு வெச்சுக்கோங்க, பெரிய ஆளுங்க ஃபியூச்சர வித்துட்டு ஷேர 968க்கு வாங்கி அப்படியே டெலிவரி குடுத்துடுவாங்க, ஷேருக்கு 7 கையில. அத்தனை பேரும் அதையே செய்யும்போது ஃபியூச்சர் இறங்கும், ஸ்பாட் கொஞ்சம் ஏறும், அந்த 7 காணாம போயிடும். ஃபியூச்சர் கீழ நின்னா உல்டாவா நடக்கும். இன்டெக்ஸ் மாதிரி டெலிவரி குடுக்க முடியாத கான்ட்ராக்ட்ல இன்னும் சிம்பிள், கடைசி செட்டில்மென்ட் விலையையே ஸ்பாட்லருந்துதான் எடுக்கறாங்க. அதுலயும் ஒரு சின்ன விஷயம் இருக்கு, ஸ்க்ரீன்ல நீங்க கடைசியா பாத்த விலையில செட்டில் ஆகும்னு கட்டாயம் இல்ல, சில இடத்துல கடைசி நேரத்து ஆவரேஜ் எடுப்பாங்க, S&P 500ங்கற அமெரிக்க இன்டெக்ஸ் ஃபியூச்சர்ல எக்ஸ்பைரி நாள் காலைல அந்த ஸ்டாக்குங்க ஓப்பன் ஆகற விலையிலருந்து கணக்கு போடுவாங்க.

ஆக கேப் மூடும்ங்கறது நிஜம். எந்தப் பக்கத்துலருந்து மூடும்னு மட்டும் யாரும் சொல்லல. ஃபியூச்சர் ஏறி ஸ்பாட்ட பிடிச்சாலும் மூடும், ஸ்பாட் இறங்கி ஃபியூச்சருக்கு வந்தாலும் மூடும், ரெண்டும் சேந்து குழில விழுந்தாலும் மூடும். நான் வாங்கினது ஃபியூச்சர மட்டும்தான், கேப்ப இல்ல. கேப்ப வாங்கணும்னா ஃபியூச்சர வாங்கற அதே நேரத்துல ஷேர வித்திருக்கணும்.

இப்ப அந்த 15 எங்கருந்து வந்துச்சுன்னு பாருங்க, இத நான் காசு போனப்புறம்தான் கத்துக்கிட்டேன். அந்த கம்பெனி ஷேருக்கு 20 டிவிடெண்ட் அறிவிச்சிருந்தது, எக்ஸ் டேட், அதாவது ஷேர் டிவிடெண்ட் இல்லாம ட்ரேட் ஆக ஆரம்பிக்கற நாள், மாச நடுவுல. ஷேர கையில வெச்சிருக்கறவனுக்குத்தான் டிவிடெண்ட், ஃபியூச்சர் வாங்கினவனுக்கு கிடையாது. சாதாரண டிவிடெண்டுக்கு பொதுவா கான்ட்ராக்ட் விலைய அட்ஜஸ்ட் பண்ணவும் மாட்டாங்க. இன்னொரு பக்கம் ஃபியூச்சர் வாங்கறவன் 1000ம் இன்னைக்கே போட வேண்டாம், அந்தப் பணத்துக்கு ஒரு மாச வட்டி ஒரு 5 மிச்சம். 1000 கூட 5 வட்டி, அதுல 20 டிவிடெண்ட் கழிச்சா 985. அதாவது ஃபியூச்சர் சீப்பாவே இல்ல, கரெக்டான விலையிலதான் இருந்துச்சு!! எனக்கு டிஸ்கவுண்ட்னு வித்தது எனக்கு வராத டிவிடெண்ட.

எக்ஸ் டேட் அன்னைக்கு காலைல நடந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. முந்தின நாள் ஸ்பாட் 1004, ஃபியூச்சர் 986.50. காலைல மார்க்கெட் ஓப்பன் ஆனதும் அந்த 20 டிவிடெண்ட் கழிஞ்சு ஸ்பாட் 984, ஃபியூச்சர் பாத்தா அதே 986.50ல அசையாம நிக்குது. பதினேழரை கீழ இருந்த ஃபியூச்சர் ஒரே ராத்திரில ரெண்டரை மேல வந்துடுச்சு, ஆனா என் அக்கவுண்ட்ல அதுக்காக ஒரு பைசா வரல, ஏன்னா நான் வெச்சிருந்தது நகரவே இல்ல, நகந்தது ஸ்பாட். குரூப்ல உடனே ஸ்க்ரீன்ஷாட், பட்டாசு எமோஜி, "கன்வர்ஜென்ஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சு, எக்ஸ்பைரி வரை ஹோல்ட்". அப்ப நான் ஒண்ணரை பாயின்ட் லாபத்துல இருந்தேன், 750. அங்கயே வெளிய வந்திருக்கணும், எனக்கு அந்த 7500 மேல கண்ணு.

அதுக்கப்புறம் மார்க்கெட்டே கொஞ்சம் கொஞ்சமா இறங்க ஆரம்பிச்சுது. இங்கதான் ரெண்டாவது அடி. எக்ஸ்பைரி அன்னைக்கு ஒரேயடியா கணக்கு முடிப்பாங்கன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன், அப்படி இல்ல, தினமும் மார்க்கெட் முடிஞ்சதும் அன்னைக்கு செட்டில்மென்ட் விலைக்கு கணக்கு பாத்து நஷ்டத்த ரொக்கமா எடுத்துடுவாங்க, லாபம்னா போடுவாங்க, அதான் எம்டிஎம். நான் போட்டிருந்தது 1 லட்சம், மார்ஜின், அதாவது அக்கவுண்ட்ல எப்பவும் இருக்க வேண்டிய முன்பணம், லாட் மதிப்புல 20 சதவீதம். ஃபியூச்சர் 972க்கு வந்த அன்னைக்கு மொத்தமா 13 இன்டு 500, 6500 போயிருந்துச்சு, அக்கவுண்ட்ல மிச்சம் 93,500, தேவைப்பட்ட மார்ஜின் 97,200. ராத்திரி ப்ரோக்கர்கிட்டருந்து மெசேஜ், 3,700 ஷார்ட்டேஜ், காலைக்குள்ள போடலன்னா பொசிஷன கட் பண்ணிடுவோம்னு. கடைசில எல்லாம் சரியாகும்னே வெச்சாலும் அந்த கடைசி வரைக்கும் தாங்க கையில காசு வேணும், இத அந்த "ரிஸ்க் இல்லாத" மெசேஜ்ல எங்கயும் காணோம்.

கடன் வாங்கி போட்டேன். மூணாவது அடி கடைசி வாரத்துல வந்துச்சு. இது டெலிவரி செட்டில்மென்ட் கான்ட்ராக்ட், எக்ஸ்பைரி வரை வெச்சிருந்தா 500 ஷேரையும் முழுக் காசு குடுத்து எடுத்தே ஆகணும், அன்னைய விலைக்கு 4,84,000. கடைசி நாள் நெருங்க நெருங்க அதுக்காக மார்ஜின ஏத்திட்டே போனாங்க. "எக்ஸ்பைரி வரை ஹோல்ட்"னு ஈஸியா சொன்ன ஆளுகிட்ட கேட்டேன், "சார், இது டெலிவரியாமே, என்கிட்ட அவ்ளோ பணம் இல்லையே". ப்ளூ டிக் மட்டும் வந்துச்சு. கடைசி நாள் மதியம் நானே 968ல ஃபியூச்சர வித்து ஸ்கொயர் ஆஃப் பண்ணேன், அப்ப ஸ்பாட்டும் 968தான், அவர் சொன்ன மாதிரியே கேப் ஜீரோ. என் நஷ்டம் 17 இன்டு 500, 8500, ப்ரோக்கரேஜ் தனி, குரூப் கட்டணம் தனி.

சரி, ஒழுங்கா ரெண்டு காலும் வெச்சு செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு பின்னாடி உக்காந்து போட்டுப் பாத்தேன். ஷேர் ஏற்கனவே கையில இருக்கறவன் 1000க்கு வித்துட்டு ஃபியூச்சர 985க்கு வாங்கறான். கடைசில ஃபியூச்சர்ல 17 நஷ்டம், ஆனா 1000க்கு வித்த ஷேர 968க்கு திரும்ப வாங்கறதுல 32 லாபம், வந்த பணத்துக்கு வட்டி 5. மொத்தம் 20 லாபம், கைவிட்டுப் போன டிவிடெண்ட் 20. மிச்சம் சுத்த ஜீரோ, செலவையும் சேத்தா மைனஸ். ஸ்டாக் 1100க்கு போயிருந்தாலும் இதே ஜீரோதான் வரும், போட்டுப் பாருங்க. விலை சரியா இருக்கற ஃபியூச்சர்ல இருந்து ஃப்ரீயா எடுக்க ஒண்ணுமே இல்ல, அப்படி ஏதாவது இருந்தா அத எடுக்கறதுக்குன்னே கம்ப்யூட்டர் வெச்சு உக்காந்திருக்கறவங்க நமக்கு மெசேஜ் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டிருப்பாங்க.

இன்னொண்ணு, "கன்வர்ஜ் ஆயே தீரணும், ரூல்"னு சொன்னாரே, அதுவும் எப்பவும் இல்ல. டெலிவரி ஒழுங்கா நடக்கற வரைக்கும்தான் அது. சிகாகோ கோதுமை ஃபியூச்சர் 2008 வாக்குல எக்ஸ்பைரி வந்தும் ஸ்பாட்ட விட ரொம்ப மேல நின்னுச்சு. அங்க டெலிவரில கிடைக்கறது நேரா கோதுமை இல்ல, ஒரு சர்டிஃபிகேட், அத வெச்சிருக்கற வரைக்கும் எக்ஸ்சேஞ்ச் நிர்ணயிச்ச ரேட்ல ஸ்டோரேஜ் கட்டணும். அந்த ரேட் வெளி மார்க்கெட் ஸ்டோரேஜ விட கம்மி, அதனால கோதுமைய எடுக்காம சர்டிஃபிகேட்டையே வெச்சுக்கறது லாபமா இருந்துச்சு, பேப்பருக்கும் தானியத்துக்கும் ரெண்டு விலை. 2010ல ஸ்டோரேஜ் ரேட்ட மார்க்கெட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தறதுக்கு புது விதி கொண்டு வந்து சரி பண்ணாங்க.

யாராவது டிஸ்கவுண்ட் ஃபியூச்சர்னு காட்டினா ரெண்டே விஷயம் பாருங்க, எக்ஸ்பைரிக்குள்ள எக்ஸ் டேட் இருக்கா, அப்புறம் கான்ட்ராக்ட் விவரத்துல செட்டில்மென்ட் ரொக்கமா டெலிவரியான்னு. ரெண்டும் எக்ஸ்சேஞ்ச் சைட்லயே இருக்கு, அஞ்சு நிமிஷம் ஆகாது. நான் அந்த அஞ்சு நிமிஷத்த கூட செலவழிக்கல.

கட்டணத்த திருப்பிக் கேட்டேன். "கேப் மூடும்னு சொன்னோம், மூடுச்சா இல்லையா?"ன்னு பதில் போட்டுட்டு ப்ளாக் பண்ணிட்டாங்க. குரூப்ல இன்னும் இருக்கற ஒரு நண்பர் நேத்து அடுத்த மெசேஜ அனுப்பினார், வேற ஸ்டாக், "14 பாயின்ட் டிஸ்கவுண்ட், ரிஸ்க் ஃப்ரீ". போய்ப் பாத்தேன், ஷேருக்கு 18 டிவிடெண்ட், எக்ஸ் டேட் மூணாவது வாரம்.