85,000 ரூபாய் போச்சு: விளம்பரப் படம் எடுக்கக் கொடுப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். ஈரோடு பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு முன்னால் லோக்கல் கேபிளிலும் மொபைலிலும் ஓடுகிற மாதிரி 30 விநாடி விளம்பரம் ஒன்று வேண்டும் என்று ஒரு சின்ன விளம்பர நிறுவனத்திடம் கொடுத்தோம். மொத்தம் 85,000 ரூபாய். கொட்டேஷனில் முதல் வரியே 'கிரியேட்டிவ் ப்ரீஃப், ஸ்கிரிப்ட்: 12,000' என்றுதான் இருந்தது. ப்ரீஃப் என்றால் விளம்பரம் யாருக்கு, என்ன சொல்ல வேண்டும் என்று படம் எடுக்கும் முன்னால் எழுதி வைக்கிற தாள்.

வந்த தம்பியை நம்பாமல் இருக்கவே முடியாது. செக்குப் பக்கத்தில் கடலை மூட்டை மேலேயே உட்கார்ந்து கேட்டான். "இப்ப வாங்கறவங்களை விடுங்கக்கா, இனிமே யார் வாங்கணும்?" பாக்கெட் ரீஃபைண்ட் எண்ணெய் வாங்குகிற வீட்டுப் பெண்கள், முப்பது நாற்பது வயது, செக்கெண்ணெய் நல்லது என்று தெரியும், ஆனால் கலப்படம் இருக்குமோ என்ற பயத்தில் வாங்குவதில்லை என்றேன். "அப்ப அந்தப் பயத்துக்குத்தான் பதில் சொல்லணும், வேற எதுவும் சொல்லக் கூடாது" என்றான். அசந்துவிட்டேன். "ஒரு பக்கத்துல ப்ரீஃப் வரும், நீங்க கையெழுத்து போட்ட பிறகுதான் ஸ்கிரிப்டைத் தொடுவோம்" என்றான். அன்றைக்கே பாதிப் பணம் அனுப்பினேன்.

அந்த ஒரு பக்கம் வரவே இல்லை. கேட்டால் "எல்லாம் எங்க டைரக்டர் மனசுல ஓடிட்டிருக்குக்கா". மறுபடி கேட்டால் "ப்ரீஃப் எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்". அப்புறம் ஷூட்டிங் தேதி குறித்துவிட்டோம், கேமரா வாடகை ஓடுகிறது, மீதியை அனுப்புங்கள் என்று நெருக்கினார்கள். அனுப்பினேன்.

வந்த படத்தைச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு இளம் ஜோடி ஸ்லோ மோஷனில் ஓடுகிறது. மேலே ட்ரோன், பின்னால் ராப். பாரம்பரியம், சுவை, ஆரோக்கியம், விவசாயி, விலை, ஹோம் டெலிவரி எல்லாம் 30 விநாடிக்குள். தமிழில் நிதானமாகப் பேசினால் அந்த நேரத்துக்கு ஐம்பது சொல் தேறும். இவர்கள் அதைப்போல இரண்டு மடங்கைத் திணித்திருந்தார்கள். செக்கைக் காட்டவே இல்லை. பாட்டில் ஒரு நொடி மின்னி மறைகிறது, கடை போன் நம்பர் எங்கேயும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, 'இதய நோய் கிட்டவே வராது' என்று ஒரு வரி. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று விளம்பரத்தில் சொல்வதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான FSSAI-யின் 2018 விதிமுறையில் தடை இருக்கிறது. கேபிள்காரர் அந்த வரியைக் கேட்டதும் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இவர்களுக்குப் போன் செய்தால் வந்த பதிலைக் கேளுங்கள். "அதெல்லாம் ப்ரீஃப்ல இல்லையேக்கா. மாத்தணும்னா ரீஷூட், தனி சார்ஜ்." எந்த ப்ரீஃபில் இல்லை? 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதாத ப்ரீஃபிலா? அந்தத் தம்பி "நான் இப்ப வேற டீம்" என்கிறான். ஆபீஸ் நம்பரில் "சார் மீட்டிங்ல இருக்கார்". 85,000 ரூபாய், எங்களுக்கு ஒரு சீசன் கடலை வாங்குகிற பணம்.

அவன் அன்றைக்குக் கேட்டதை அப்படியே எழுதியிருந்தாலே போதும். யாருக்கு: கலப்படத்துக்குப் பயந்து பாக்கெட் எண்ணெய் வாங்கும் வீட்டுப் பெண். ஒரே செய்தி: ஆட்டுவதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். தொனி: பக்கத்து வீட்டு அக்கா பேசுகிற மாதிரி, அமைதியாக, ராப் கிடையாது. கட்டாயம் இருக்க வேண்டியது: செக்கு ஓடும் காட்சி, ஒரு லிட்டர் பாட்டில், கடைசி நான்கு விநாடி பெயரும் போன் நம்பரும், மொபைலுக்குச் செங்குத்தான வெர்ஷன். கூடாதது: நோய் பற்றி ஒரு சொல்லும். இது அவர்கள் கையில் இருந்திருந்தால் அந்த ஜோடியைத் தோட்டத்துக்கே கூட்டிப் போயிருக்க முடியாது. ஸ்கிரிப்ட் வந்ததும் ஒவ்வொரு காட்சியையும் விரல் வைத்து, இது அந்தச் செய்தியைச் சொல்கிறதா என்று நானே கேட்டிருப்பேன்.

எப்படிச் சரிபார்ப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை, இப்போது அவர்கள் ஆபீசுக்கே நேரில் போகிறோம். அவசரத்துக்கு இவ்வளவுதான்: ப்ரீஃப் பேப்பரில் வந்து நீங்களும் அவர்களும் கையெழுத்துப் போடாமல் இரண்டாவது தவணை கொடுக்காதீர்கள். 'ஒரே செய்தி' என்ற இடத்தில் 'மற்றும்' என்று ஒரு சொல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். ப்ரீஃபுக்கு மாறாக எடுத்தால் ரீஷூட் அவர்கள் செலவு என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எடுத்த ஃபுட்டேஜ் முழுவதும் உங்களுக்கு என்றும் எழுதி வாங்குங்கள், எங்களுக்கு அதையும் தர மறுக்கிறார்கள்.