‘ஆபீஸ் டிக்கெட்’ என்று ஸ்கிரீன்ஷாட் விற்கிறார்கள்: பொங்கலுக்குப் புக் பண்ணுமுன் படித்துவிடுங்கள்

பொங்கல் படங்களுக்கு டிக்கெட் கேட்டு வாட்ஸாப் குழுக்களில் மறுபடியும் மெசேஜ் ஓட ஆரம்பித்துவிட்டது. 2024 தீபாவளிக்கு எங்கள் குடும்பத்துக்கு நடந்ததை அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ஊர் கோயம்புத்தூர். தியேட்டர் பெயர் வேண்டாம், ஏமாற்றியது தியேட்டர் இல்லை.

அந்த வருடம் தீபாவளி வியாழக்கிழமை, அக்டோபர் 31. வெள்ளிக்கிழமையும் அரசு விடுமுறை என்று அறிவித்துவிட்டார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாளும் தியேட்டர் நிரம்பும் என்று தெரிந்த விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டத்தில் நின்று படியேறவும் முடியாது, முன் வரிசையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கவும் முடியாது. அதனால் முதல் நாளை விட்டுவிட்டு சனிக்கிழமை மாலைக் காட்சி, பின்பக்கம் நடுவில் ஐந்து சீட் என்று தேடினோம்.

ஆப்பைத் திறந்தால் திரையை ஒட்டிய மூன்று வரிசை மட்டும்தான் காலி. மற்றதெல்லாம் சாம்பல் நிறம். மச்சான் இருக்கும் ஒரு சினிமா குழுவில், “ஆபீஸ் டிக்கெட் இருக்கு ப்ரோ, சாட்டர்டே ஈவினிங், கே ரோ சென்டர்” என்று ஒருவர் போட்டிருந்தார். தியேட்டர் ஆபீஸில் தெரிந்தவர் மூலம் வரும் டிக்கெட் என்று அர்த்தம். ஒரு டிக்கெட் 400 ரூபாய். தமிழ்நாட்டில் அப்போது மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் அடிப்படை விலை அதிகபட்சம் 150. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 8 சதவீதம் உள்ளாட்சிக் கேளிக்கை வரி சேர்ந்து 190 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டார். தீபாவளி சமயத்தில் கோவையில் இந்த ரேட்டைக் கேட்டு யாரும் அதிர்ச்சி அடைவதில்லை என்பதுதான் இவர்களுக்கு வசதி.

பணம் அனுப்பும்போது யுபிஐ திரையில் வந்தது ஒரு மொபைல் கடையின் பெயர். கேட்டதற்கு, “ஃபிரெண்டு கடைங்ண்ணா, என் அக்கவுண்ட் லிமிட் முடிஞ்சிருச்சு” என்று பதில். 2,000 ரூபாய் போனதும் ஸ்கிரீன்ஷாட் வந்தது. படம், காட்சி நேரம், கே வரிசை, அடுத்தடுத்து ஐந்து சீட், க்யூஆர் கோடு எல்லாம் சரியாகவே இருந்தது. புக்கிங் எண் இருக்க வேண்டிய கீழ்ப்பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

அது போலி டிக்கெட் இல்லை, உண்மையான டிக்கெட்தான். அதனால்தான் இந்த ஏமாற்று இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. சாதாரண நாளில் வாசலில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வார்கள். ஒருமுறை ஸ்கேன் ஆன கோடு மறுபடி போகாது. பண்டிகைக் கூட்டத்தில் முந்தைய காட்சி முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போதே அடுத்த காட்சிக்கு உள்ளே விடுகிறார்கள். வாசலில் நின்ற தம்பி ஒவ்வொரு போனையும் ஒரு பார்வை பார்த்து, “கே, லெஃப்ட்ல மேல போங்க” என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மேலே போனால் எங்கள் ஐந்து சீட்டிலும் வேறொரு குடும்பம், மடியில் பாப்கார்னோடு.

அவர்கள் போனிலும் அதே ஸ்கிரீன்ஷாட்! அதே க்யூஆர், அதே வெட்டு. அவர்கள் பொள்ளாச்சியிலிருந்து வந்தவர்கள், ஒரு டிக்கெட்டுக்கு 500 கொடுத்திருந்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதாக இரண்டு கல்லூரிப் பையன்கள் அதே வரிசையில் தங்கள் சீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். மேனேஜர் வந்து கம்ப்யூட்டரில் பார்த்தார். புக்கிங் நிஜம், பணம் கட்டியதும் நிஜம், ஆனால் பதிவான மொபைல் நம்பர் எங்கள் யாருடையதும் இல்லை. அந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். “சார், புக் பண்ணவர் வந்து கேட்டா நான் அவருக்குத்தான் சீட் குடுக்கணும். உட்கார்ந்தவங்கள இப்ப எழுப்பவும் முடியாது” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

எங்களுக்குக் கிடைத்தது முதல் வரிசையின் இடது ஓரம், அதுவும் மறுபடி டிக்கெட் வாங்கி. திரைக்கு அவ்வளவு பக்கத்தில், அதுவும் ஓரத்தில் உட்கார்ந்தால் வலது கோடியில் நிற்கிற நடிகரின் முகம் ஒல்லியாக, சாய்வாகத் தெரியும். சண்டைக் காட்சியில் யார் யாரை அடித்தார் என்று பின்னாலிருந்து வரும் கைதட்டலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் வேறு காதை அடைக்கும். இடைவேளையிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

இந்த விற்பனை ஓடுவதற்குக் காரணமே அந்தச் சாம்பல் நிறம்தான். சாம்பல் என்றால் விற்றுப்போனது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பண்டிகை வெளியீட்டில் அதில் ஒரு பங்கு விற்காத சீட். கவுன்டரில் விற்பதற்கென்று தியேட்டர் சில வரிசைகளை நிறுத்தி வைத்திருக்கும். ரசிகர் மன்றத்துக்கும் மொத்தமாகக் கேட்ட கம்பெனிகளுக்கும் சில வரிசை போயிருக்கும். வேறு யாரோ பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும்போதும் அந்தச் சீட் சில நிமிடம் பூட்டிக்கொள்ளும். கட்டாமல் விட்டால் திரும்ப வரும். மன்றத்தார் எடுக்காததும் கவுன்டரில் தேங்கியதும் காட்சிக்கு முந்தைய நாளோ அன்று காலையோ ஆப்பில் திறக்கும். டிமாண்டைப் பார்த்து அதே படத்துக்கு இன்னொரு ஸ்கிரீனும் சேர்ப்பார்கள். சேர்த்த உடனே அந்தக் காட்சி மொத்தமும் காலியாகக் கிடக்கும், கொஞ்ச நேரத்துக்கு.

அன்றைக்கு நாங்கள் லாபியில் நின்றுகொண்டிருந்தபோது மச்சான் மறுபடி ஆப்பைத் திறந்தான். ஞாயிறு காலை 10.30 காட்சி, வியாழக்கிழமை பார்த்தபோது முன் வரிசை தவிர ஒன்றும் இல்லாதது, இப்போது ஜே, கே இரண்டிலும் நடுவில் காலி. ஐந்து சீட்டையும் சாதாரண விலைக்கே எடுத்தோம். மறுநாள் போனால் பாதி குடும்பங்கள்தான் வந்திருந்தன, விசில் சத்தமே இல்லை.

கூட்டம் எந்தக் காட்சியில் குவியும் என்பதும் மாறிவிட்டது, இது பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. முன்பெல்லாம் ரசிகர்கள் நள்ளிரவு 1 மணி, அதிகாலை 4 மணிக் காட்சிகளிலேயே கொண்டாடி முடித்துவிடுவார்கள். 2023 பொங்கல் வெளியீட்டின்போது சென்னையில் நள்ளிரவுக் கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து விழுந்து ஒரு ரசிகர் இறந்தார். அதற்கப்புறம் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை, முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான். அந்த மேளதாளக் கூட்டம் இப்போது முதல் நாள் முழுக்கப் பரவியிருக்கிறது. அடுத்த இரண்டு நாளின் மாலைக் காட்சிகளைக் குடும்பங்கள் நிரப்பிவிடுகின்றன. தளர்வாகக் கிடைப்பது ஞாயிறு காலையும், மறுநாள் வேலை இருப்பதால் ஞாயிறு இரவுக் கடைசிக் காட்சியும்தான். பொங்கல் என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் தள்ளும். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் இரண்டு நாளும் விடுமுறை என்பதால், காணும் பொங்கல் அன்று மாலை தியேட்டர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

சீட் தேர்வு பண்ணும்போது எழுத்தை நம்பாதீர்கள். சில தியேட்டரில் ஏ வரிசை திரையை ஒட்டி இருக்கும், சிலவற்றில் ஏ கடைசி வரிசை. வாட்ஸாப்பில் “பி ரோ, செம சீட்” என்று விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு வரம். வரைபடத்தில் திரை எந்தப் பக்கம் என்று கோடு போட்டிருப்பார்கள், அதிலிருந்து எண்ணுங்கள். மொத்த வரிசையில் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் எடுத்தால் படமும் ஒலியும் சரியாக இருக்கும். பால்கனி உள்ள பழைய தியேட்டராக இருந்தால் பால்கனியின் முதல் வரிசையை விட்டுவிடுங்கள். உயரம் குறைந்தவர்களுக்குக் கைப்பிடிக் கம்பி திரையின் அடிப்பகுதியை மறைக்கும், குழந்தை கூட இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உண்மையிலேயே போக முடியாமல் டிக்கெட்டைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கின விலைக்கே கொடுப்பார்கள், புக்கிங் எண்ணை மறைக்க மாட்டார்கள். ஆனால் முழு டிக்கெட்டையும் காட்டினாலும் பணத்தை முன்னால் அனுப்பாதீர்கள். சில தியேட்டர்களில் காட்சிக்குக் கொஞ்ச நேரம் முன்வரை ரத்து செய்து பணத்தைத் திரும்ப எடுக்கலாம். உங்களிடம் விற்றுவிட்டு அங்கேயும் ரத்து செய்தால் அவருக்கு இரண்டு பக்கமும் வரவு. வாசலுக்கு வரச் சொல்லுங்கள், அவர் போனிலேயே ஆப்பைத் திறந்து காட்டி, உள்ளே விட்டபிறகு பணம் கொடுங்கள். ஏமாற்றுகிறவர் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். எங்களிடம் விற்றவரை வாசலில் பார்க்கலாமா என்று மச்சான் முதலிலேயே கேட்டிருந்தான். “நான் திருப்பூர்ல இருக்கேன் ப்ரோ” என்றார். பொள்ளாச்சிக்காரர்களிடம் அவர் சேலத்தில் இருந்தார்.

பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள், அல்லது cybercrime.gov.in-இல் பதிவு பண்ணுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸாப் உரையாடல், அந்த ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் முடக்கிவைக்க முடியும், வேறு கணக்குக்குப் போய்விட்டால் கஷ்டம். நாங்கள் இரவு வீட்டுக்கு வந்துதான் புகார் கொடுத்தோம், அதற்குள் கணக்கைத் துடைத்துவிட்டார்கள். இது தனி ஆள் ஏமாற்றியதற்கு. தியேட்டர் கவுன்டரிலேயே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அது வேறு விஷயம். தியேட்டர் உரிமம் மாவட்ட ஆட்சியர் கையில் இருப்பதால் (சென்னையில் போலீஸ் கமிஷனர்) டிக்கெட்டின் போட்டோவோடு அங்கே எழுதிக் கொடுக்கலாம்.

அந்த வாட்ஸாப் நம்பர் இப்போது இயங்கவில்லை. ஆனால் அதே குழுவில் போன வாரம் வேறொரு நம்பரிலிருந்து, “பொங்கல் ஆபீஸ் டிக்கெட், சென்டர் சீட், அட்வான்ஸ் மட்டும் போதும்” என்று வந்திருக்கிறது. அந்தத் தியேட்டரில் பொங்கலுக்கு இன்னும் புக்கிங்கே திறக்கவில்லை.