முள்கரண்டிப் படத்தை நம்பி 2,340 ரூபாயை இழந்தேன்

விரிசல் விட்ட டப்பாவைச் சமையல் மேடையில் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எங்கள் பகுதியில் மூன்று மாடி வைத்திருக்கும் ஒரு பாத்திரக் கடையில், மூன்று வாரங்களுக்கு முன்பு 2,340 ரூபாய் கொடுத்து வாங்கிய ஐந்து டப்பாக்களில் அதுவும் ஒன்று. நேற்று மாலை அதைத் திருப்பிக் கொடுக்கப் போய், பேச்சு வாங்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

வாங்கிய அன்று நான் கேட்டது ஒரே கேள்வி: "இதில் சோறும் குழம்பும் வைத்து மைக்ரோவேவில் சூடாக்கலாமா?" விற்பனையாளர் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் இருந்த கண்ணாடிக் குவளை, முள்கரண்டிப் படத்தை விரலால் தட்டிக் காட்டி, "அக்கா, இந்த முத்திரை இருந்தா மைக்ரோவேவுக்கே செஞ்சதுன்னு அர்த்தம், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். பீங்கான் போல வழவழப்பும் கனமுமாக இருந்ததால் நானும் நம்பிவிட்டேன். அந்தப் படம் உணவை அதில் வைக்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. மைக்ரோவேவுக்கான குறி என்றால் அலை அலையான கோடுகளோ, எழுத்தில் தெளிவான குறிப்போ இருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தபோது பணம் கைமாறி மூன்று வாரம் ஆகியிருந்தது.

முதல் நாளே ஏதோ சரியில்லை. இரவு குளிர்பெட்டியில் வைத்த சோற்றை இரண்டு நிமிடம் சூடாக்கினால், டப்பாவைக் கையால் தொட முடியவில்லை, நடுவில் இருந்த சோறோ சில்லென்று இருந்தது. சூடு போதவில்லை என்று நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டினேன். ஓரத்துச் சோறு அரிசியாகவே திரும்பிவிட்டது போல விறைத்துக் காய்ந்தது. என் சமையலைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். கடைசியில் வத்தக்குழம்பு வைத்த அன்று ஒரு காரமான நெடி வந்தது, அடியிலிருந்து விளிம்புவரை விரிசலும் ஓடியது.

அதன் பிறகுதான் சோதித்துப் பார்த்தேன். காலி டப்பாவையும், பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டால், தண்ணீர்தான் சூடாக வேண்டும், டப்பா ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். இங்கே தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை, டப்பா கொதித்தது. உணவுக்குப் போக வேண்டிய சூட்டைப் பாத்திரம் தின்றுகொண்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் 'மெலமைன்' என்று அச்சிட்டிருந்ததை அப்போதுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். பீங்கான் போலத் தோன்றும் கெட்டியான பிளாஸ்டிக் வகைதான் அது. மெலமைன் தட்டில் உணவை மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்தப் பொருள் உணவில் கசிவது கூடும். என் வத்தக்குழம்பில் இரண்டுமே இருந்தன.

கடைக்குப் போனால் அதே விற்பனையாளர் என்னைத் தெரியாதவர் போல நின்றார். "நீங்க அதிக நேரம் வச்சிருப்பீங்க" என்றார் ஒருவர். "கம்பெனிக்காரங்களைத்தான் கேட்கணும்" என்றார் இன்னொருவர். கல்லாவில் இருந்தவர் ரசீதைத் திருப்பி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டிவிட்டு, மேலாளர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார். 2,340 ரூபாய்க்கு மாற்றுப் பொருளாவது கொடுங்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

வீட்டுக்கு வந்து, பழைய ஊறுகாய்க் கிண்ணமாகக் கிடந்த தடித்த, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணத்தில் அதே பழைய சோற்றை உதிர்த்துப் போட்டேன். ஒரு கோப்பை சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஆவி போகச் சிறு இடைவெளி விட்டுத் தட்டால் மூடி, நடுத்தர சக்தியில் ஒரு நிமிடம் வைத்து, கிளறி, இன்னொரு நிமிடம் வைத்து, மூடியபடியே சிறிது ஆறவிட்டேன். குளிரில் விறைத்த மாவுச்சத்து ஈரமும் சூடும் சேர்ந்தால்தான் இளகும். அன்று வடித்த சோறு போல மிருதுவாக வந்தது. செலவு ஒரு காசு இல்லை, 2,340 ரூபாய்க்குக் கிடைக்காதது.

எந்த டப்பா வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்த எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. பிளாஸ்டிக் வாங்கினால் முக்கோணத்துக்குள் 5 என்ற எண்ணும் மைக்ரோவேவ் குறியும் இரண்டும் இருக்கட்டும், மூடியையும் தனியாகப் பாருங்கள், பல நேரம் அது வேறு பிளாஸ்டிக். எண்ணெய் மிதக்கும் குழம்பு தண்ணீரைவிடக் கடுமையாகச் சூடேறிப் பிளாஸ்டிக்கைப் பொத்தலாக்கும், அதற்குக் கண்ணாடிதான். தங்கக் கரை போட்ட பீங்கானும் எவர்சில்வரும் உள்ளே போகக் கூடாது. யார் முத்திரையைக் காட்டினாலும் டப்பாவை நீங்களே கவிழ்த்துப் படியுங்கள்.

ரசீது பத்திரமாக இருக்கிறது. மேலாளர் திங்கட்கிழமை வருவாராம்.