இரண்டு டர்பைன் வட்டுகள், ஒரே பார்ட் நம்பர்

பழைய ஜெட் என்ஜின்களிலிருந்து கழற்றிய இரண்டு டர்பைன் வட்டுகள் மேசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆயுள் வரம்பு 20,000 சுழற்சிகள். என்ஜின் இயங்கி ஒருமுறை பறந்து இறங்கினால் ஒரு சுழற்சி.

முதல் வட்டு 12,400 சுழற்சிகள் ஓடியது. தொழிற்சாலையை விட்டு வந்த நாள் முதல் எந்த என்ஜினில் எத்தனை சுழற்சி என்று பதிவேடுகள் விடாமல் சொல்கின்றன. மீதி 7,600. தயங்காமல் பொருத்தலாம்.

இரண்டாவது பார்வைக்கு இன்னும் பளபளப்பானது. ஒளிரும் சாயம் தடவிப் பார்த்தும் விரிசல் இல்லை. சோதித்த பணிமனை, ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈசாவின் ஃபார்ம் 1 சான்றிதழும் கொடுத்திருக்கிறது. ஆனால் நடுவே ஒரு நிறுவனத்திடம் இருந்த இரண்டாண்டுக் கணக்கைக் காணவில்லை. உலோகச் சோர்வு விரிசலாக வெடிக்கும்வரை சாயத்துக்குப் புலப்படாது. அதனால்தான் கண்ணை நம்பாமல் சுழற்சிகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கையே இல்லாத வட்டில் மீதி ஆயுளை அறிய எதைக் கழிப்பது?

புதியவர்கள் இடறுவது அந்தச் சான்றிதழில்தான். “பரிசோதிக்கப்பட்டது” என்றால் குறிப்பிட்ட பரிசோதனை நடந்தது என்று மட்டுமே பொருள். கடந்தகால ஓட்டத்துக்கு அது சாட்சி அல்ல. தாளே பொய்யாக இருப்பதும் உண்டு: 2023-இல் சிஎஃப்எம்56 என்ஜின் பாகங்கள் போலிச் சான்றிதழ்களுடன் விற்கப்பட்டது தெரியவந்து, பல விமான நிறுவனங்கள் அவற்றைக் கழற்ற நேர்ந்தது.

விடுபட்ட ஏடு கிடைத்தால் இரண்டாவது வட்டு பிழைக்கும். இல்லையேல் பழைய இரும்புக் கடைதான், அதுவும் வெட்டிச் சிதைத்த பிறகு.